நிச்சயதார்த்தப் படத்தில் தெரிந்த நெறி

கழுத்திலுள்ள ஒரு நிணநீர்க் கணு 1 செ.மீ. அளவுக்கு வீங்கினால் தேடிப் பார்க்கும் விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் தசையும் அதை மறைத்துவிடும். ஆகவே கழுத்தைப் பார்க்கும் எண்ணமே இல்லாமல் எடுத்த ஒரு புகைப்படத்தில் மேடு ஒன்று தெரிகிறது என்றால், அந்த நபர் மிகவும் மெலிந்தவராக இருக்க வேண்டும், அல்லது கணு 2 செ.மீ. அளவை எட்டியிருக்க வேண்டும், அல்லது அது கணுவே அல்லாத வேறொன்றாக இருக்க வேண்டும்.

பெரம்பூரில் பொது மருத்துவம் பார்க்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் கழுத்துப் படங்கள் அடிக்கடி வருகின்றன. ஏறக்குறைய எல்லாவற்றுடனும் ஒரே கேள்விதான் வரும்: “டாக்டர், இது சாதாரண நெறியா, வேறு ஏதாவதா?” படத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது, பெரும்பாலும் அதுவே சரியான பதிலும்கூட. கட்டி மென்மையாக இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா, நகர்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா என்பவை எவ்வளவு தெளிவான படத்திலும் தெரியாது. ஆனால் இரண்டு செய்திகளைப் படம் நன்றாகவே சொல்லும். ஒன்று கட்டி இருக்கும் இடம், மற்றொன்று அது எப்போதிலிருந்து இருக்கிறது என்பது. கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையாக வீங்கிய கணுவையும் ஊசி போட்டுச் சோதிக்க வேண்டிய கணுவையும் பிரித்துக் காட்டுவதில் இந்த இரண்டுக்கும்தான் பெரும் பங்கு உண்டு.

என் அக்கா மகளின் கதையை அவளுடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன். வயது 26, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்து, தையில் திருமணம் என்று முடிவாகியிருந்தது. ஆல்பத்துக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது, கொண்டை போட்டுப் பூ வைத்துத் தலையை இடப்பக்கம் திருப்பியிருந்த ஒரு படத்தில், வலக்கழுத்தின் கீழ்ப்பகுதியில் நிழல் விழும் அளவுக்கு ஒரு மேடு இருப்பதைக் கண்டாள். “எடிட்டிங்கில் எடுத்துவிடலாம்” என்று புகைப்படக்காரர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் படம் எனக்கு வந்தது.

“மாமா, இது சளி நெறியாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். இரண்டு வாரம் முன்னால் மருந்துக் கடையில் வாங்கி ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கூடச் சாப்பிட்டேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.”

மேடு இருந்த இடம்தான் முதலில் என் கவனத்தை இழுத்தது. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பின் மேல்முனை நோக்கிச் சாய்வாக இறங்கும் தடித்த தசை ஒன்று கழுத்தின் இரு பக்கமும் உண்டு. தலையைத் திருப்பினால் அது கயிறு போல் எழும்பித் தெரியும். அந்தத் தசைக்கு முன்னால், தாடையின் கோணத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் கணு தொண்டைச் சதையிலிருந்து, அதாவது டான்சிலிலிருந்து வரும் நிணநீரை வாங்குகிறது. சளி, தொண்டைவலி வந்தவர்களுக்கு முதலில் வீங்குவது அதுதான். அந்த இடத்தில் 1.5 செ.மீ. வரைகூட இயல்பு என்றே ஏற்றுக்கொள்கிறோம். தாடையின் அடியில் இருப்பவை பற்களுக்கும் ஈறுகளுக்கும் வாய்க்கும் உரியவை. பல் சொத்தை இருந்தால் அங்கே நெறி கட்டும். பின்மண்டையிலும் காதுக்குப் பின்னும் உள்ளவை தலைத் தோலுக்கு உரியவை. பேனும் பொடுகும் தலையில் புண்ணும் உள்ள பள்ளிக் குழந்தைகளிடம் அவற்றைத் தினமும் காணலாம். இந்த இடங்களிலெல்லாம் வீக்கம் இருந்து, அதற்குரிய காரணமும் கையில் கிடைத்தால், காத்திருப்பதில் தவறில்லை.

அவளுடைய மேடு இருந்தது தசைக்குப் பின்னால், கீழ்க்கழுத்தில். அங்கே வரும் கணுக்களுக்கு அப்படிப்பட்ட எளிய விளக்கம் கிடைப்பது அரிது. அதைவிடவும் கீழே, காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் ஒரு கணு கைக்குத் தட்டுப்பட்டால், அளவு என்னவாக இருந்தாலும், அதைச் சளியின் கணக்கில் எழுதக் கூடாது. வலப்பக்கக் குழியிலுள்ளவை பெரும்பாலும் மார்புக்கூட்டின் உறுப்புகளிலிருந்தும், இடப்பக்கத்தவை வயிற்றிலிருந்தும்கூட நிணநீரை வாங்குகின்றன. இடப்பக்கக் குழியில் தோன்றும் ஒரு கணு இரைப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள்.

இடம் இவ்வளவு முக்கியம் என்பதால் படத்தில் இடம் பிசகக் கூடாது. கைபேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் பல கருவிகளில் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிச் சேமிக்கப்படும். அதே கேமராவின் அழகூட்டும் வசதி தோலை மெழுகிவிட்டு மேட்டையும் மறைத்துவிடும். எனக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பதெல்லாம் இதுதான்: பின்பக்கக் கேமராவில், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, தலை நேராக இருக்கும்போது ஒன்றும் திருப்பியபோது ஒன்றுமாக வேறொருவர் எடுக்க வேண்டும், கட்டியை ஒட்டி ஒரு அளவுகோலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எந்தப் பக்கம் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

அடுத்தது நாள். “எத்தனை நாளாக இருக்கிறது?” என்று கேட்டால் நோயாளிகள் சொல்வது கட்டியைக் கவனித்த நாளை, கட்டி தோன்றிய நாளை அல்ல. இங்கேதான் பழைய படங்கள் கைகொடுக்கின்றன. அக்கா மகளிடம் அவளுடைய கைபேசியிலிருந்த படங்களைப் பின்னோக்கிப் பார்க்கச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்த நகல்களில் படம் எடுத்த தேதி அழிந்துபோவதால், மூலப் படத்தில்தான் பார்க்க வேண்டும். சித்திரையில் திருவல்லிக்கேணி கோயில் வாசலில் எடுத்த படத்தில் கழுத்து சமமாக இருந்தது. ஜூன் கடைசியில் அலுவலக நண்பர்களுடன் மாமல்லபுரம் போனபோது எடுத்த படத்தில், தெரிந்துகொண்டு பார்த்தால் மட்டும் புலப்படும் ஒரு சிறு புடைப்பு. ஆவணிப் படத்தில் அது நன்கு வளர்ந்திருந்தது. இரண்டு வாரம் என்று அவள் நினைத்திருந்த கட்டிக்கு உண்மையில் இரண்டு மாதத்துக்கும் மேல் வயது. அதோடு இடையில் சுருங்கிய தடயம் எதுவும் இல்லை.

எதிர்வினையாக வீங்கும் கணு இப்படி நடந்துகொள்வதில்லை. தொண்டையில் ஒரு வைரஸ் நுழைந்தவுடன் அந்தப் பகுதியின் கணுவில் வெள்ளணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன. இரண்டு மூன்று நாட்களில் கணு பருத்து, அதன் மேலுறை இழுபடுவதால் வலி உண்டாகிறது. தொற்று அடங்கியதும் பெருகிய அணுக்கள் மடிந்து, பெரியவர்களிடம் இரண்டு மூன்று வாரங்களில் கணு குறையத் தொடங்கிவிடும். குழந்தைகளிடம் ஆறு வாரம் வரையும், சில சமயம் அதற்கு மேலும், பட்டாணி அளவில் நின்றுவிடுவது உண்டு. குழந்தை நன்றாக விளையாடிச் சாப்பிட்டு, கணுவும் வளராமல் இருந்தால் நான் அவசரப்படுவதில்லை. ஆக, வலியோடு திடீரென்று வந்து, காரணம் தெரிந்து, பிறகு தேய்ந்துகொண்டே போவது எதிர்வினைக் கணுவின் நடை. வலியே இல்லாமல் மெல்ல வந்து மெல்லப் பெருப்பது வேறு நடை. வலிக்கிறதே என்று பயப்பட்டு ஓடி வருபவர்களைவிட, வலிக்கவில்லையே என்று நிம்மதியாக இருப்பவர்களைத்தான் நான் சீக்கிரம் வரச் சொல்கிறேன். இதற்கிடையில் தினமும் பத்து முறை அழுத்திப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி அழுத்தினாலே இயல்பான கணுவும் வலிக்கத் தொடங்கும். வாரம் ஒரு முறை தொட்டுப் பார்த்தால் போதும்.

பெரியவர்களின் கழுத்துக் கட்டி குறித்து அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொற்றின் அடையாளம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டியையும், 1.5 செ.மீ. அளவைத் தாண்டியதையும், கெட்டியானதையும், அசையாததையும் சோதிக்கச் சொல்கிறது. பாக்டீரியாத் தொற்றுக்கான அடையாளம் இல்லாதபோது ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கும் வழக்கத்தையும் தவிர்க்கச் சொல்கிறது. நம் ஊரில் சளியும் பல் சொத்தையும் மலிந்திருப்பதால், காரணம் தெளிவாக உள்ள சிறு கணுவுக்கு நான் நான்கு வாரம்வரை கொடுப்பேன். காறை எலும்புக் குழியில் இருப்பவை, கல் போல் இறுகியவை, எடை குறைதல், இரவு வியர்வை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், குரல் மாற்றம், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றோடு வருபவை எதற்கும் அந்த நான்கு வாரம் கிடையாது.

அடுத்த நாள் மாலை அவள் அம்மாவோடு கிளினிக்குக்கு வந்தாள். முதலில் அது கணுதானா என்று உறுதி செய்துகொண்டேன். தண்ணீர் குடிக்கச் சொன்னபோது கட்டி மேலே ஏறவில்லை. ஆகவே தைராய்டு அல்ல. அதில் நாடித்துடிப்பு இல்லை. சாப்பிடும்போது பெருத்துப் பிறகு வடியும் உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கத்துக்கு அது உரிய இடமும் அல்ல. தொட்டுப் பார்த்தபோது ஒன்றல்ல, மூன்று கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தன. பெரியது ஏறக்குறைய 2.5 செ.மீ. மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தரும்போது உதடு, மூக்கு நுனி, நெற்றி என்று மூன்று அளவைகளைச் சொல்வோம். உதட்டைப் போல மென்மையானது, மூக்கு நுனியைப் போலத் திடமானது, நெற்றியைப் போல இறுகியது என்று. இவளுடையது மூக்கு நுனி. வலி கிட்டத்தட்ட இல்லை. தலைத் தோலில் புண் இல்லை, பல்லில் சொத்தை இல்லை, தொண்டை சுத்தம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் கணு இல்லை, மண்ணீரல் தட்டுப்படவில்லை. எடை 47 கிலோ. மூன்று கிலோ குறைந்திருந்தது. கல்யாணத்துக்காக இரவில் சாதத்தை நிறுத்தியதால் என்று இருவரும் நம்பினார்கள். மாலையில் உடம்பு சற்றுச் சூடாக இருக்கிறது என்பதை நான் கேட்ட பிறகுதான் அவள் சொன்னாள்.

“ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று சொல்கிறார்களே தம்பி, வேறு மாத்திரை கொடுத்துப் பார்க்கக் கூடாதா?” என்று அக்கா கேட்டாள்.

இந்த வேண்டுகோளை நான் கேட்காத வாரம் இல்லை. இதற்கு இணங்குவதால் வரும் தொல்லை மற்றெல்லாவற்றையும்விடப் பெரிது. இப்படிக் கொத்தாக ஒட்டிய கணுக்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோயை. சாதாரண ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. ஆனால் கணுவைச் சுற்றிய லேசான அழற்சி தணிவதால் சற்றுக் குறைந்தது போலத் தோன்றும், அந்தத் தோற்றத்தில் ஒரு மாதம் போய்விடும். லெவோஃப்ளாக்சசின் போன்றவை காசநோய்க் கிருமியைப் பாதியளவு அடக்கிச் சோதனையில் கிருமி அகப்படாமல் செய்துவிடும். எல்லாவற்றிலும் மோசமானது ஸ்டீராய்டு. நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமாவின் கணுவை அது சில நாட்களில் சுருக்கிவிடும். நோயாளி மகிழ்ச்சியாகப் போவார். பிறகு திசுவை எடுத்தால் நோயைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் அணுக்கள் அதில் இருக்காது. ஊசியைப் பொறுத்தவரை, அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: நுண்ணூசி உறிஞ்சல் என்னும் எஃப்.என்.ஏ.சி. சோதனைக்குப் பயன்படுவது ரத்தம் எடுக்கும் ஊசியை ஒத்த மெல்லிய ஊசி. அதன் வழியே கழுத்துக் கணுவிலிருந்து நோய் பரவுவது நடைமுறையில் பொருட்படுத்தத் தக்க ஆபத்தே அல்ல.

ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை, எச்.ஐ.வி. பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, கழுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஆகியவற்றை எடுக்கச் சொன்னேன். ஹீமோகுளோபின் 10.6, இ.எஸ்.ஆர். 62, வெள்ளணுக்கள் இயல்பு, எச்.ஐ.வி. இல்லை. இ.எஸ்.ஆர். உயர்ந்திருப்பது உடம்பில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் சொல்லும். என்ன என்று சொல்லாது. எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. கணுவில் காசநோய் உள்ளவர்களில் பலருக்கு நுரையீரல் சுத்தமாகவே இருக்கும் என்பதால் அந்தத் தெளிவு எதையும் விலக்கவில்லை. ஸ்கேன்தான் பயனுள்ளதாக இருந்தது. எதிர்வினைக் கணு வீங்கினாலும் தன் அமைப்பை இழப்பதில்லை. அவரை விதை வடிவத்தில், நீளம் அகலத்தைப் போல இரு மடங்குக்குக் குறையாமல், நடுவே ரத்தக் குழாய் நுழையும் கொழுப்புப் பகுதி வெண்மையாகத் தெரியும்படி இருக்கும். இவளுடைய பெரிய கணு 2.6 செ.மீ. நீளம், 1.9 செ.மீ. அகலம், உருண்டை வடிவத்தை நெருங்கியது. நடுவிலிருக்க வேண்டிய வெண்மை மறைந்து, அங்கே திசு செத்துக் கரைந்ததைக் காட்டும் கருமை இருந்தது. பக்கத்துக் கணுக்களோடு எல்லை குழம்பியிருந்தது. இத்தனையும் காசநோயைச் சுட்டின, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. புற்று பரவிய கணுவும் நடுவே இப்படிக் கரையக்கூடும்.

ஊசிச் சோதனையின்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டே கணுவின் ஓரத்திலும் நடுவிலும் எடுக்கச் சொல்லியிருந்தேன். வந்தது தயிர்க்கட்டியைப் போன்ற மஞ்சள் நிறப் பொருள். அதில் ஒரு பகுதி கண்ணாடித் தகட்டில் பூசப்பட்டு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போனது. மற்றொரு பகுதி மருந்து கலக்காத, கிருமி நீக்கிய உப்பு நீரில் போட்டு காசநோய்ச் சோதனைகளுக்குப் போனது. இந்த இரண்டாவது பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு படியில்தான் நம் ஊரில் மிக அதிகமாகத் தவறு நடக்கிறது. திசுவைப் பதப்படுத்த ஃபார்மலின் பயன்படுகிறது. அதில் விழுந்த கிருமி செத்துவிடும். பிறகு வளர்ப்புச் சோதனை செய்ய வழியே இல்லை. மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையும் நம்பத்தக்கதாக இராது. அறுவை சிகிச்சை அரங்கில் கணு முழுவதையும் ஒரே பாட்டிலில், ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டு, அறிக்கையில் “கிரானுலோமா உள்ளது, காசநோயாக இருக்கலாம்” என்று வந்த பிறகு, மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமியா என்று அறிய வழியின்றித் தவித்த நோயாளிகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். கணுவில் ஊசியோ கத்தியோ படப்போகிறது என்றால், “காசநோய்ச் சோதனைக்குத் தனி பாட்டில் உண்டா?” என்று நோயாளியே முன்கூட்டிக் கேட்பது நல்லது.

தகட்டின் அறிக்கை மூன்றாம் நாள் வந்தது: கிரானுலோமாக்களும், பாலாடைக்கட்டி போல் சிதைந்த திசுவும், சாயமேற்றிப் பார்த்ததில் கிருமி தெரியவில்லை. கிரானுலோமா என்பது உடம்பு எதையோ சுற்றி வளைத்திருக்கிறது என்பதன் அடையாளம். நம் நாட்டில் அந்த எதையோ பெரும்பாலும் காசநோய்தான் என்றாலும், சார்க்காய்டோசிஸ், பூஞ்சை, சில சமயம் லிம்ஃபோமாவேகூட அந்தத் தோற்றத்தைத் தரும். அவள் வயதுப் பெண்களுக்கு, அதே பின்கழுத்தில், காய்ச்சலோடு கணு வீங்கச் செய்யும் கிகுச்சி நோய் என்று ஒன்றும் உண்டு. 1972-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட அது, சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஊசியே போடாமல், சந்தேகத்தின் பேரில் ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்கினால், அது குணமாகும்போது மருந்தால்தான் குணமானது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். இவளுக்கு அந்தக் குழப்பம் இல்லாமல் போனது. சிபிநாட் சோதனையில் காசநோய்க் கிருமி இருப்பதும், காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்பதும் தெரிந்துவிட்டன. அந்தக் கருவியே விடை தர ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதில் கிருமி இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. கணுவில் கிருமியின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் வளர்ப்புச் சோதனையின் விடைக்கு ஆறு வாரம்வரை காத்திருக்க வேண்டிவரும்.

இவளுக்கு அறிக்கையில் “எதிர்வினைக் கணு” என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்ப்பதும் பயனுள்ளதே. அந்த அறிக்கையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்க மாட்டேன். மெல்லிய ஊசி எடுப்பது சில ஆயிரம் உதிரி அணுக்களை. அவை ஒன்றோடொன்று எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது அதில் வராது. லிம்ஃபோமாவின் சில வகைகளை அந்த அடுக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஹாட்ஜ்கின் வகையில் நோய் அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருப்பதால் ஊசி அவற்றைத் தவறவிடுவது எளிது. இடமும் நாளும் ஐயத்துக்குரியவையாக இருந்து, நான்கு வாரத்தில் கணு குறையவும் இல்லையென்றால், அடுத்தது கணு முழுவதையும் எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. இருப்பதிலேயே பெரிய கணுவை, உடைக்காமல், இரண்டு பாட்டில்களில் பங்கிட்டு அனுப்ப வேண்டும்.

இதற்கு நேர்மாறான எச்சரிக்கை ஒன்று நடுவயதைத் தாண்டியவர்களுக்கு உண்டு. புகையிலை மெல்லும், சிகரெட் குடிக்கும் 50 வயது மனிதரின் தாடைக் கோணத்துக்குக் கீழே வலியில்லாத, இறுகிய கணு தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது கணுவை அல்ல, வாயை. நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், டான்சில், மூக்கின் பின்புறம், குரல்வளை ஆகியவற்றைக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் டார்ச்சாலும் உள்நோக்கியாலும் பார்த்த பிறகு ஊசி. அங்கே எடுத்த எடுப்பில் கணுவை வெட்டி எடுத்தால், மூலப் புற்றைக் கண்டறியாமலேயே கழுத்தின் திசுத் தளங்களைக் கலைத்துவிட்டதாகும்; பின்னர் செய்ய வேண்டிய பெரிய அறுவை சிகிச்சை அதனால் கடினமாகிவிடும்.

அக்கா மகளுக்கு அரசுத் திட்டத்தின் மருந்தே தொடங்கப்பட்டது. சென்னையில் இதற்குத் தனி வரலாறு உண்டு. சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் தொடங்கியபோது, காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே பலன் கிடைக்கும், வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றுவதும் இல்லை என்று காட்டியது இங்கே நடந்த ஆய்வுதான். குழந்தைகளின் கழுத்துக் கணுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும் என்பதற்கான சான்றும் அதே நிறுவனத்திலிருந்து வந்தது. இன்றும் கணுக் காசநோய்க்கு ஆறு மாதம்தான்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகள். அவளுடைய எடைக்கு நான்கும் கலந்த மாத்திரை தினமும் மூன்று. நுரையீரலில் நோய் இல்லாததால் அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது. தட்டும் டம்ளரும் தனியாக வைக்க வேண்டியதில்லை. திருமணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்று அக்கா வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அவளே அவரிடம் போனில் சொல்லிவிட்டதால் அது முடிவுக்கு வந்தது. என் பங்குக்கு நான் அவர்கள் இருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது வேறொன்று: ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரைகளின் வேலையைக் கெடுத்துவிடும், மருந்து முடிந்து மேலும் நான்கு வாரம்வரை வேறு வழியைத்தான் கையாள வேண்டும்.

மருந்து தொடங்கி ஏழாவது வாரத்தில், சுருங்கிக்கொண்டிருந்த கணு திரும்பப் பெருத்தது. அதன் அருகே புதிதாக ஒன்றும் எழும்பியது. “மருந்து வேலை செய்யவில்லையா மாமா?” என்று புதிய படத்தோடு கேட்டாள். கணுக் காசநோயில் இது அடிக்கடி நடப்பதுதான். மருந்து கிருமிகளைக் கொல்லக் கொல்ல, செத்த கிருமிகளின் எச்சங்களுக்கு எதிராக உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்தெழுந்து வீக்கத்தை உண்டாக்குகிறது. மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமியா, அல்லது இந்த முரண் வீக்கமா என்று பிரித்தறிய, முதலில் எடுத்த வளர்ப்புச் சோதனையின் விடை அப்போது கையில் இருந்தது. எல்லா மருந்துக்கும் கிருமி அடங்குவதாகவே அது காட்டியது. தனி பாட்டில் அன்று இல்லாதிருந்தால் இந்தக் கட்டத்தில் நாங்கள் ஊகத்தில்தான் நின்றிருப்போம். இந்த நேரத்தில் சிபிநாட்டை மறுபடி செய்து பார்ப்பதில் பயனில்லை. செத்த கிருமியின் மரபணுவையும் கண்டுபிடித்து, கிருமி இருக்கிறது என்றே அது சொல்லும். கட்டி இளகியபோது, அதைக் கீறாமல், பக்கத்திலிருந்த நல்ல தோலின் வழியே ஊசியைச் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுத்தோம். நேரே கீறியிருந்தால் ஆறாத புரையாக நின்று ஒழுகியிருக்கக்கூடும். மருந்து மாற்றப்படவில்லை.

ஆறு மாதம் முடிந்தபோது எடை 51 கிலோ. 9 மி.மீ. அளவில் ஒரு கணு அப்படியே நின்றது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. முழுமையாகக் குணமானவர்களிடமும் இப்படி ஒரு மிச்சம் நிற்பது உண்டு என்பதால், அதற்காக மருந்தை நீட்டிக்கவில்லை, மறுபடி ஊசியும் போடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டு அளந்து பார்க்கிறேன். அது வளர்ந்தாலோ, பக்கத்தில் புதிதாக ஒன்று வந்தாலோ, திரும்பவும் ஊசி, திரும்பவும் தனி பாட்டிலில் வளர்ப்புச் சோதனை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.